அட்வான்ஸ் எங்கே போகிறது?

வேளச்சேரி, பீளமேடு போன்ற இடங்களில் விடுதியில் சேரும்போது வார்டன் ஒரு தாளை நீட்டுவார். முன்பக்கம் பெயர், ஊர், அப்பா கைபேசி எண், ஆதார் நகல் ஒட்டும் இடம். பின்பக்கம் பொடி எழுத்தில் விதிமுறைகள். பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போகும் அவசரத்தில் யாரும் அந்தப் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. படித்தாலும் இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டுவது, வாட்டர் ஹீட்டர் போடக்கூடாது என்பது மாதிரியானவைதான் கண்ணில் படும். பணத்தைத் தீர்மானிக்கும் விதி பெரும்பாலும் ஒரே வரிதான்: "காலி செய்வதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன், 1ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும்."

இந்த வரி என்ன செய்யும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு மாணவி இருக்கிறாள். சாப்பாட்டோடு மாதம் 7,500 ரூபாய். சேரும்போது அட்வான்ஸ் 10,000 ரூபாய் கட்டியிருக்கிறாள்; அதில் 2,000 ரூபாய் பராமரிப்புக்கு, திரும்ப வராது என்று ஃபாரத்திலேயே இருக்கிறது. ஜூன் மாதப் பணத்தைக் கட்டிவிட்டு, ஜூன் 4ஆம் தேதி, "மாதக் கடைசியில் காலி பண்றேன் மேடம்" என்று சொல்கிறாள். ஜூன் 30 அன்று சாவியையும் ஒப்படைக்கிறாள். 8,000 ரூபாய் வரும் என்பது அவள் எண்ணம்.

உரிமையாளரின் கணக்கு வேறு. 1ஆம் தேதிக்குள் சொல்லாததால் ஜூன் மாதம் நோட்டீஸில் சேராது. நோட்டீஸ் ஜூலை 1 அன்றுதான் தொடங்குகிறது. ஆகவே ஜூலை வாடகை 7,500 ரூபாயைக் கழிக்க வேண்டும். கரண்ட் பங்கு 300 ரூபாய். மிச்சம் 200. மே 31 அன்று அவள் இதையே சொல்லியிருந்தால் 7,700 ரூபாய் கைக்கு வந்திருக்கும். நான்கு நாள் தாமதத்தின் விலை 7,500 ரூபாய்.

இதை மோசடி என்று ஒரே வீச்சில் சொல்லிவிட முடியாது. விடுதிக்கு ஆள் வருவது பெரும்பாலும் மாத ஆரம்பத்தில்தான். அப்போதுதான் வேலையில் சேருகிறவர்களும் இடம் மாறுகிறவர்களும் படுக்கை தேடுகிறார்கள். 10ஆம் தேதி காலியாகும் படுக்கை அடுத்த 1ஆம் தேதிவரை சும்மா கிடக்கலாம். கட்டட வாடகை, சமையல்காரர் சம்பளம், தண்ணீர் லாரி எதுவும் அதற்காகக் குறையப்போவதில்லை. எனவே முன்கூட்டித் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. ஒரு மாதம் என்ற அளவும் நியாயம்தான். சிக்கல், அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் இருக்கிறது.

சொன்ன நாளிலிருந்து முப்பது நாள் என்று விதி எழுதியிருந்தால் நோட்டீஸ் ஜூலை 4இல் முடியும். ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் ஜூலையின் நான்கு நாளுக்கு 1,000 ரூபாய். 8,000இல் அதையும் கரண்ட் 300ஐயும் கழித்தால் 6,700 ரூபாய். உரிமையாளருக்கும் முழு முப்பது நாள் அவகாசம் கிடைத்துவிடுகிறது. 1ஆம் தேதி முறையிலோ, 2ஆம் தேதி சொன்னவருக்கு ஒரு மாத நோட்டீஸ் கிட்டத்தட்ட இரண்டு மாதமாக நீள்கிறது. ஃபாரத்தில் "ஒரு மாதம்" என்று மட்டும் இருந்தால் எந்தக் கணக்கு என்று சேரும்போதே கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குவது நல்லது.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உரிமம், பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. படுக்கை எடுத்துத் தங்குபவரை வாடகைக் குடித்தனக்காரராகப் பார்ப்பதும் கடினம். அறையின் தனிப்பட்ட சுவாதீனம் அவரிடம் இல்லை. ஆகவே பேச்சு ஒப்பந்தத்துக்கு வந்து நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74இல், மீறலுக்கு ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும் அதை உச்ச வரம்பாகவே கொள்கிறது. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறித்துக்கொள்ள முடியாது என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் விளக்கியது. அது விடுதி வழக்கல்ல, டெல்லியில் நிலம் ஏலம் விட்ட வழக்கு. ஆனாலும் வாதம் இங்கேயும் பொருந்தும். ஜூலை 2ஆம் தேதியே அந்தப் படுக்கையில் வேறொரு பெண் வந்து, அவளிடமும் முழு மாதப் பணம் வாங்கியாயிற்று என்றால், பழைய மாணவியிடம் ஜூலை முழுவதற்கும் பிடிப்பது ஒரே படுக்கைக்கு இரண்டு வாடகை. இதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. அறைத் தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அட்வான்ஸை இழக்காமலிருக்க மாணவர்கள் கையாளும் வழி, கடைசி மாதம் பணம் கட்டாமல் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பது. பல ஃபாரங்கள் இதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. காரணம் இருக்கிறது. உடைந்த அலமாரிக் கதவோ தொலைந்த சாவியோ கடைசி நாளில்தான் தெரியும். அப்போது உரிமையாளர் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. தடை எழுதப்பட்டிருக்கும்போது கட்டாமல் இருந்தால், தாமதக் கட்டணம் நாளுக்கு இவ்வளவு என்று ஏறத் தொடங்கி, நல்ல நிலையில் இருந்த உங்கள் வழக்கும் கெட்டுப்போகும்.

திருப்பித் தரும் நாளும் எழுத்தில் இருக்க வேண்டும். "காலி செய்தபின் தரப்படும்" என்ற வரிக்கு முடிவே கிடையாது. அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்பார்கள். அந்த அடுத்த ஆள் வந்தாரா என்பதை வெளியே போனவர் எப்படிப் பார்ப்பார்? பதினைந்து நாள், கூடினால் முப்பது நாள், எந்த வங்கிக் கணக்குக்கு என்பதுவரை இருந்தால்தான் அது விதி. பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்று எழுதித் தருவார்கள் என்ற வரியும் இருந்தால் இன்னும் நல்லது.

தகராறு வந்தால் எது சாட்சி? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். வார்டனிடம் வாயால் சொல்லியிருப்பார்கள், வார்டன் மாறியிருப்பார். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் ஒரே தொகையாக ஜிபே செய்திருப்பார்கள். குறிப்பில் ஒன்றும் இருக்காது. இரண்டையும் தனித்தனியாக அனுப்பி, ஒன்றில் "அட்வான்ஸ்" என்றும் மற்றதில் மாதத்தின் பெயரும் போட்டுவிட்டால் பின்னால் யாரும் கணக்கைக் குழப்ப முடியாது. ஃபாரத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸை உரிமையாளரின் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: இன்ன அறை, இன்ன தேதியில் காலி செய்கிறேன், அட்வான்ஸ் இவ்வளவு. சாவி கொடுக்கும் அன்று அறையையும் கட்டிலையும் அலமாரியையும் படம் எடுத்து அதே உரையாடலில் போட்டுவிடுங்கள்.

அதற்கும் பணம் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதிடலாம்.