வாங்காத கான்கிரீட்டுக்கு வாங்கிய பணம்

ஒரு சைட்டில் மொத்தமாக வந்திறங்கிய ரெடிமிக்ஸ் கான்கிரீட் 1,136 கன மீட்டர் என்று டெலிவரி சலான்கள் சொல்கின்றன. அதே சைட்டின் பைனல் பில்லில் கான்கிரீட் 1,174.5 கன மீட்டர் என்று இருக்கிறது. பில் பாஸாகிப் பணமும் வந்துவிட்டது. வாங்கியதைவிட அதிகமாக எந்தக் கட்டடத்திலும் கான்கிரீட் போட முடியாது. கொஞ்சம் சிந்தும், பம்ப் குழாயில் கொஞ்சம் நிற்கும், ஆகவே போட்டது வாங்கியதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில், சைட் கணக்கை முடித்து வைக்க உட்கார்ந்த க்யூ.எஸ். ஒருவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார் என்று ஒரு கதை எழுதினால், அதன் திருப்பம் பிழையைக் கண்டுபிடிப்பதில் இருக்காது. கணக்குத் தெரிந்த யாரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரும் கேட்காதபோது அதை அவர் ஏன் சொல்ல வேண்டும் என்பதில்தான் கதை இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் பிழை எப்படி உள்ளே வந்தது என்று தெரிய வேண்டும். கோவைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி, தரைத்தளமும் நான்கு மாடிகளும் என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி ஒரே அமைப்பு. பீம் 230க்கு 600 மில்லிமீட்டர். அதன் மேல் 150 மில்லிமீட்டர் ஸ்லாப். வரைபடத்தில் 600 என்று போட்டிருப்பது ஸ்லாப்பின் மேல்முகத்திலிருந்து பீமின் அடிவரை உள்ள முழு ஆழம். ஆனால் அளவு எடுப்பதற்கான ஐ.எஸ். 1200 விதிப்படி, பீமின் ஆழத்தை ஸ்லாப்பின் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும். மேலே உள்ள 150 ஏற்கெனவே ஸ்லாப் கணக்கில் வந்துவிடுகிறது. ஆக, பில்லில் பீமின் ஆழம் 450. முதல் தளத்துக்கு அளவு ஷீட் போட்டவர் அவசரத்தில் 600 என்று எழுதினார். இரண்டாம் தளத்துக்கு அந்த ஷீட்டையே காப்பி செய்து பெயரை மாற்றினார்கள். அப்படியே ஐந்து தளமும் போனது. தளத்துக்கு 400 மீட்டர் நீளப் பீம் என்றால், 0.23 × 0.15 × 400, அதாவது 13.8 கன மீட்டர் இரட்டிப்பாக விழுகிறது. ஐந்து தளத்துக்கு 69. ரன்னிங் பில்கள் எல்லாமே 'இதுவரை செய்தது, கழித்தல் முன்பு கொடுத்தது' என்ற முறையில் ஓடுபவை. ஆகவே ஒருமுறை உள்ளே போன எண் ஒவ்வொரு பில்லிலும் தன்னைத் தானே சுமந்துகொண்டு பைனல் பில்வரை வந்து சேர்ந்துவிடும்.

எதிர்த்தரப்புக் கன்சல்டன்ட் ஏன் பிடிக்கவில்லை? அவர் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. சரிபார்ப்பவர் கையில் வைத்திருப்பது வரைபடம். அதில் 230 × 600. ஷீட்டிலும் 230 × 600. டிக் அடித்துவிட்டுப் போகிறார். வரைபடத்தோடு முரண்படும் பிழை சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். வரைபடத்தோடு ஒத்துப்போகும் பிழை மாட்டாது. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஒன்று அதே பில்லுக்குள்ளேயே இருந்தது. சென்டரிங் ஷீட்டில் உள்பக்கப் பீம்களின் பக்கவாட்டு உயரம் சரியாக 450 என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே பீமுக்கு ஒரே பில்லில் இரண்டு ஆழம். இரண்டு ஷீட்டையும் ஒன்றாக விரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நம் க்யூ.எஸ். இங்கே நிறுத்தியிருக்கலாம். 69 கன மீட்டரைக் கழித்ததும் பில் 1,105.5க்கு வந்துவிட்டது. ஆனால் அப்படியென்றால் 30 கன மீட்டருக்கு மேல் வீணாகியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட 3 சதவீதம். அந்த சைட்டின் மாதக் கணக்குகளோ 2 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. ஏதோ இன்னும் உதைக்கிறது என்று தூண்களின் ஷீட்டைத் திறக்கிறார். தூணை ஸ்லாப்பின் அடிவரை அளக்க வேண்டும். இங்கே பீமின் அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். பீமோ தூணின் முகத்தோடு நின்றுவிடுகிறது. ஆக, பீமும் தூணும் சேரும் இடம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 300க்கு 450 அளவுள்ள 28 தூண்கள், 450 மில்லிமீட்டர் உயரம், ஐந்து தளம்: சுமார் 8.5 கன மீட்டர். இது கம்பெனிக்கு வர வேண்டியது, வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் கூடுதலாகப் பணம் வாங்கியது 60.5 கன மீட்டருக்கு. கன மீட்டருக்கு 7,500 ரூபாய் வீதம் 4,53,750. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 81,675. மொத்தம் 5,35,425 ரூபாய்.

இந்த 8.5 கன மீட்டர்தான் என் வாதத்துக்கு ஆதாரம். பிழையைச் சொல்வது பெருந்தன்மை, தியாகம் என்றெல்லாம் பேசும்போது அளவெடுக்கும் தொழிலின் இயல்பு மறந்துபோகிறது. தியாகம் செய்ய நினைத்தவர் 69ஐ எழுதிக் கொடுத்துவிட்டு நல்லபேரோடு போயிருப்பார். தன் கம்பெனிக்கு விசுவாசமாக மட்டும் இருக்க நினைத்தவர் 8.5ஐ மட்டும் எழுதி, கூடுதல் பில் போட்டிருப்பார். சரியான எண் வேண்டும் என்று தேடியவருக்கு மட்டுமே இரண்டும் கிடைத்தன. நமக்குக் குறையும்போது மட்டும் திருத்தப்படும் அளவுக்கு அளவு என்ற பெயர் பொருந்தாது. அது ஒரு கோரிக்கை. கோரிக்கை வைக்க மேனேஜர் போதும், க்யூ.எஸ். தேவையில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் போய்ச் சொன்னால் ப்ராஜெக்ட் மேனேஜர் இப்படித்தான் கேட்பார்: "செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது அவங்க ஆள். நமக்கென்னம்மா?" கன்சல்டன்டின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துப் பணத்தின் உரிமையை மாற்றிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டமே தரும் உதாரணத்தில், இருவர் சேர்ந்து பட்ட 100 ரூபாய்க் கடனை ஒருவர் அடைத்துவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் அடைக்கிறார். கடன் கொடுத்தவர் இரண்டாவது நூறைத் திருப்பித் தந்தாக வேண்டும். அவர் ஏமாற்றினாரா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்திலும், தவறு காரணமான வழக்குகளுக்கு, அந்தத் தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, தக்க கவனம் இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் காலம் ஓடத் தொடங்கும். மத்திய பொதுப்பணித் துறை ஒப்பந்தங்கள் இன்னும் வெளிப்படையானவை: பைனல் பில் கொடுத்த பிறகும் தணிக்கை செய்து, கூடுதலாகப் போயிருந்தால் திரும்பப் பெறும் உரிமையை முன்னதாகவே எழுதி வைத்துவிடுகின்றன. 'பைனல்' என்ற சொல் அந்த பில்லுக்கு அடுத்த பில் இல்லை என்று சொல்கிறதே தவிர, அதில் உள்ள கணக்கு சரி என்று சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்புக்குக் கொஞ்சம் கனம் அதிகம். அந்தக் கல்லூரி ஒவ்வொரு பில்லையும் மாதக்கணக்கில் இழுத்தடித்தது, நியாயமான எக்ஸ்ட்ரா ஐட்டங்களை வெட்டியது, அப்போது யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லையே, இந்த ஐந்து லட்சம் அதற்கு ஈடாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். ஒப்பந்ததாரர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வட்டி கேட்க உரிமை இருந்தால் கேட்கலாம்; வெட்டிய ஐட்டத்துக்கு ஆதாரத்தோடு எழுதலாம்; நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். ஈடு என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்து கழிக்கப்படுவது. எதிர்த்தரப்புக்கே தெரியாமல் நாமே ஒரு தொகையை ஈடாக வைத்துக்கொண்டால், அதன் அளவை முடிவு செய்ததும் நாம், தீர்ப்புச் சொன்னதும் நாம். பீம் ஆழத்தில் விழுந்த பிழை, வெட்டப்பட்ட ஐட்டத்தின் மதிப்புக்குச் சமமாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. இன்னொன்றும் உண்டு. கல்விச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், கட்டடச் செலவில் கட்டிய வரியைக் கல்லூரி உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்பப் பெற முடியாது. அந்த 81,675 அவர்களுக்கு முழு நஷ்டம். நம் கம்பெனிக்கும் அது லாபமில்லை, அரசுக்குப் போய்விட்டது. இது எப்படி ஈடாகும்?

மூன்றாவது மறுப்பை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: வேலை போய்விடும். இதற்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. நேர்மைக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்று எழுதுபவர்கள் சைட் ஆபீஸ் பக்கம் போனதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியது யாரிடம், எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்தால் பயம் கொஞ்சம் சிறுத்துவிடும். பணம் அவருடையது இல்லை. திருப்பிக் கொடுக்கும் முடிவும் அவருடையது இல்லை. நேராகக் கல்லூரிக்குப் போன் போடுவது அவர் வேலையும் இல்லை. முதலில் தெரிய வேண்டியது அவருடைய கம்பெனிக்கு. அவர் பங்கு, ஒரு பக்கத்தில் எழுத்தில் கொடுப்பது: எந்த ஐட்டம், எந்த ஷீட், 600க்குப் பதில் 450, தூணில் விட்டுப்போனது, நிகர வித்தியாசம், வரி. எம்.புக்கில் தவறான பதிவை அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. பழைய ஷீட்டைத் தடவி மாற்றாமல் அதே ஒழுங்கில் திருத்தம் செய்தால், பிழை போட்ட இளைஞரையும் யாரும் திருடனாக்க முடியாது. கம்பெனி மறுத்தால், கணக்கு சரி என்று சொல்லும் முடிவுப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. கல்லூரியின் ஆள் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. இதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதற்குக் குறைவாக நடந்தால், அடுத்த பில்லில் அவர் போடும் கையெழுத்தை அவருடைய மேனேஜரே நம்பக் காரணம் இருக்காது.

நடைமுறையில் பார்த்தால் தீர்வும் அவ்வளவு கசப்பானதில்லை. விடுதியின் ரிடென்ஷன் தொகையில் பாதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை கல்லூரியிடமே இருக்கும். அதில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். காசோலை எழுதும் வேதனை கூட இல்லை. தள்ளிப்போடுவதுதான் செலவு வைக்கும். கூடுதலாகப் போட்ட வரியைக் கிரெடிட் நோட் மூலம் சரிசெய்ய, பில் போட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30தான் கடைசிக் கெடு. ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு சரி. உங்கள் மேசையில் இப்படி ஒரு ஷீட் இருந்தால், மேனேஜரிடம் போகும் முன் அந்தத் தேதிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.