மைதாவும் பச்சைதான்

அமெரிக்க வீடுகளில் சாக்லேட் சிப் குக்கீ செய்யும் நாளில், கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலவையை விரலால் வழித்துத் தின்பது குழந்தைகளுக்கு அடுப்பில் வெந்த குக்கீயைவிடப் பிடித்தமானது. பெரியவர்கள் தடுத்தால் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பச்சை முட்டை சேர்ந்திருக்கிறது. இந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், முட்டையை விட்டுவிட்டால் பயமில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். முட்டை சேர்க்காத பிஸ்கட்டும் கேக்கும் செய்யும் நம் வீடுகளிலும் இந்த நினைப்பு உண்டு. அது தவறு. அந்தக் கலவையில் வேகாத பொருள் முட்டை மட்டுமல்ல, மைதாவும் வேகாததுதான்.

முட்டையை முதலில் பார்த்துவிடலாம். அதிலுள்ள ஆபத்து சால்மோனெல்லா என்ற கிருமி. கோழியின் சினைப்பைக்குள் அது குடியேறிவிட்டால், ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். அப்படிப்பட்ட முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 20,000 முட்டைகளில் ஒன்று இப்படி இருக்கக்கூடும் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. ஆபத்து தெரிந்ததால் தீர்வும் வந்தது. முட்டையை ஓட்டோடு வெந்நீரில், வெள்ளைக்கரு உறையாத மிதமான சூட்டில், நீண்ட நேரம் வைத்துக் கிருமியைக் கொல்லும் பாஸ்டரைசேஷன் முறை இருக்கிறது. பாக்கெட்டில் கலவையை விற்கும் நிறுவனங்களும் பாஸ்டரைஸ் செய்த முட்டையையே சேர்க்கின்றன.

அதனால்தான் 2009-இல் நடந்தது எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை, 30 மாநிலங்களில் 77 பேருக்கு ஒரே வகை ஈ.கோலை ஓ157 கிருமியால் நோய் வந்தது. 35 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 10 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. இந்தக் கிருமி என்றதும் வழக்கமாகச் சந்தேகப்படுவது சரியாக வேகாத மாட்டுக் கொத்துக்கறியை. ஆனால் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 19 வயதுக்கு உட்பட்டவர்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். இறைச்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை.

என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று நோயுற்றவர்களையும், அவர்களோடு ஒப்பிட நலமாக இருந்தவர்களையும் விசாரித்தார்கள். நோயுற்றவர்களில் 35-க்கு 33 பேர், கடையில் வாங்கிய பாக்கெட் குக்கீ கலவையைச் சாப்பிட்டிருந்தார்கள். நலமாக இருந்தவர்களில் 36-க்கு 4 பேர் மட்டுமே. வேறு எந்த உணவிலும் இப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. கலவை நெஸ்லேயின் டோல் ஹவுஸ். ஜூன் 19 அன்று நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

கலவை என்று தெரிந்துவிட்டது. அதில் எந்தப் பொருள்? முட்டை பாஸ்டரைஸ் செய்யப்பட்டது. தவிர, முட்டைக்கு உரிய கிருமி சால்மோனெல்லா, இது ஈ.கோலை. சர்க்கரை காய்ச்சப்பட்டது, மார்கரின் சூடாக்கப்பட்டது, சாக்லேட்டுக்கான கொக்கோ விதை வறுக்கப்பட்டது. ஆலையில் எந்த இடத்திலும் வெப்பம் படாமல் வந்த முக்கியப் பொருள் மைதா ஒன்றுதான். ஆனாலும் அன்று மைதாவில் அந்தக் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. சந்தேகம் வலுவாக இருந்தது, நிரூபணம் இல்லை. அந்த நிறுவனம் நிரூபணத்துக்குக் காத்திராமல், அடுத்த ஆண்டே சூடேற்றிப் பக்குவப்படுத்திய மைதாவுக்கு மாறியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நிரூபணம் 2016-இல் வந்தது. இந்த முறை பெரும்பாலும் ஓ121 என்ற வகை ஈ.கோலை, 24 மாநிலங்களில் 63 பேர். நோயுற்றவர்களின் வீட்டு அலமாரியில் பிரித்து வைத்திருந்த மைதாப் பைகளைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். அவற்றில் கிடைத்த கிருமியின் மரபணு வரிசை, நோயாளிகளின் உடலில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. அது ஜெனரல் மில்ஸ் நிறுவனம் கான்சஸ் சிட்டி ஆலையில் அரைத்த மைதா. நோயுற்றவர்களில் சில குழந்தைகள் எதையும் வழித்துத் தின்னவில்லை. உணவகத்தில் சாப்பாடு வரும்வரை விளையாடக் கொடுத்த பச்சை மாவு உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தவர்கள். விரல் வாய்க்குப் போனதே போதுமானதாக இருந்திருக்கிறது.

மைதாவில் மாட்டின் குடல் கிருமி எப்படி வந்தது? வயலில் நிற்கும் கோதுமைமீது ஆடுமாடு, மான், பறவை எதன் எச்சமும் விழலாம். அறுவடையான தானியத்தைச் சலிப்பார்கள், காற்றில் தூற்றுவார்கள். பிறகு தவிடு எளிதாகப் பிரிய, சிறிது நீர் தெளித்துப் பல மணி நேரம் ஊறவிட்டு அரைப்பார்கள். இந்தப் படிகள் எதிலும் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடு கிடையாது. மைதாவை வெளுக்கச் சேர்க்கும் ரசாயனத்தையும் அதற்காக நம்ப முடியாது. வீட்டில் எப்படியும் வேகவைக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் உருவான தொழில்முறை இது.

உலர்ந்த மாவில் கிருமி பெருகாது, உண்மை. பெருக நீர் வேண்டும். ஆனால் பெருகாமல், சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். நோய் தர இந்த வகை ஈ.கோலை மிகக் குறைவான எண்ணிக்கையில் இருந்தாலே போதும். மைதாவின் நிறமோ மணமோ மாறாது. கிருமி மாவு முழுக்கச் சீராகவும் பரவியிருக்காது; எங்கோ ஒரு மூலையில் திரண்டிருக்கும். ஒரு சிட்டிகை எடுத்துப் பரிசோதித்து, பை முழுவதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பையிலும் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் தின்றும் ஒன்றும் ஆகாதது இதனால்தான்.

இங்கே பலர் கேட்பது: மைதாவை வாணலியிலோ ஓவனிலோ வறுத்துச் சேர்த்தால் போதாதா? இணையத்தில் நிறையக் குறிப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை நம்ப வேண்டாம் என்கிறது. காரணம் நீர்தான். ஈரமான இறைச்சி 71 டிகிரி செல்சியஸை எட்டினால் கிருமி உடனே செத்துவிடும். நீரற்ற மாவில் அதே கிருமி சூட்டை வெகுவாகத் தாங்கும். 80 டிகிரியில்கூட அதன் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையவே பல நிமிடங்கள் ஆகலாம். அடுப்பில் ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆலைகள் வெப்பநிலை, ஈரம், நேரம் மூன்றையும் அளந்து கட்டுப்படுத்துகின்றன. நம்மால் அது ஆகாது. அதே மைதா குக்கீயாக வேகும்போது மட்டும் ஏன் பயமில்லை? முட்டையும் வெண்ணெயும் தந்த ஈரத்தோடு அது வேகிறது. ஈரச்சூட்டில் கிருமி தாக்குப்பிடிக்காது.

பச்சைக் கலவையின் ருசிதான் வேண்டும் என்றால், அப்படியே சாப்பிடலாம் என்று உறையில் தெளிவாக எழுதியிருக்கும் டப்பாவை வாங்கலாம். அதில் சூடேற்றிய மைதாவும், பாஸ்டரைஸ் செய்த முட்டையோ முட்டையே இல்லாத கலவையோ இருக்கும். ஐஸ்கிரீமில் கலந்து விற்கும் கலவைத் துண்டுகளும் பெரும்பாலும் இப்படிச் செய்தவைதான்.

தின்றுவிட்ட பிறகு கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்து வரும் கடுமையான வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடக்கூடாது. இந்த வகை ஈ.கோலைக்கு ஆன்டிபயாட்டிக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. சிறுநீரகப் பாதிப்பை அது கூட்டலாம். அதனால் பச்சைக் கலவை சாப்பிட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பேதி குறைந்து குழந்தை தேறுவதுபோல் தெரியும் நாட்களில் முகம் வெளிறினாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.