கறுப்பில் பிடித்த நீர்

கரும்பச்சைக் கேன் ஒன்று, பின்னால் ஆழ்ந்த நீலம். அதைச் சுற்றித் தண்ணீர் தெறிக்க வேண்டும். கறுப்புத் துணிக்கு முன்னால், பின்பக்க விளக்கில் எடுத்த தெறிப்புப் படங்களை ஃபோட்டோஷாப்பில் அடுக்குகிறேன். கலப்பு முறையை Screen என்று மாற்றியதும் கறுப்பு விலகி நீர் மட்டும் நிற்கிறது. Screen கீழே இருப்பதன்மேல் வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பிடம் கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் துணி முழுக் கறுப்பாகப் பதிவாவது அரிது. மிச்சமுள்ள சாம்பல் மெல்லிய மூட்டமாக, படத்தின் சதுர விளிம்போடு தங்கிவிடுகிறது. கண் உடனே காணாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Levels அடுக்கு வைத்து, நடு முள்ளை இடப்பக்கம் தள்ளிப் படத்தை வெளிறச் செய்தால் அந்தச் சதுரம் எழுந்து வரும். பிறகு தெறிப்புப் படத்துக்கு மட்டும் இன்னொரு Levels போட்டு, கறுப்பு முள்ளை வலப்பக்கம் நகர்த்துகிறேன். மிகையானால் நீரின் மெல்லிய படலம் அறுந்து வெள்ளைக் கோடுகளே மிஞ்சும். சதுரம் மங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை மாஸ்க்கில் மென்மையான தூரிகையால் துடைப்பதே எனக்குப் பிடித்த வழி. சோதிக்க வைத்த அடுக்கைக் கடைசியில் நீக்கிவிட வேண்டும்.

வெள்ளைப் பின்னணிக்கு இந்தப் படங்கள் உதவா. வெள்ளையின் மேல் வெளிச்சத்தைக் கூட்டினாலும் வெள்ளைதான். அங்கே வெள்ளையில் எடுத்த தெறிப்பும் Multiply முறையும் வேண்டும். நீரின் கருத்த ஓரங்களே அதன் உருவத்தைச் சொல்லும்.

•

ஒரு தெறிப்பைக் கேனுக்குப் பின்னால் வைக்கிறேன், ஒன்றை முன்னால். இரண்டுக்கும் நடுவில் கேன் நின்றால்தான் ஆழம் பிறக்கிறது. கேனில் ஒளி இடப்பக்கம் விழுந்திருந்தால் நீரின் மினுக்கமும் இடப்பக்கமே இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தைக் கிடைவாக்கில் புரட்டிவிடுகிறேன்.

முன்னால் பாயும் நீரில்தான் நெடுநேரம் கழிகிறது. தடித்த நீர் தனக்குப் பின்னால் இருக்கும் கேனின் எழுத்தை வளைத்துக் காட்டும். Screen மினுக்கத்தைத் தரும், வளைவைத் தராது. எழுத்து நேராகவே தெரிந்தால் அது நீராகத் தோன்றாது. மேலே ஒட்டிய வெளிச்சமாகவே தோன்றும். கேன் அடுக்கின் நகலொன்றை எடுத்து, நீர் தடித்த இடத்தில் மட்டும் Liquify கொண்டு எழுத்தை லேசாக இழுத்து, மற்ற இடங்களை மாஸ்க்கால் மறைக்கிறேன். மிகக் கொஞ்சம் இழுத்தாலே போதும்.

•

அடுத்து, கேனின் மேல் ஒட்டி நிற்கும் துளியின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமான 330 மில்லி கேனின் குறுக்களவு சுமார் 66 மில்லிமீட்டர். நிமிர்ந்த உலோகச் சுவரில் சில மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த துளி வழிந்துவிடும். ஆகவே பெரிதாக்கி ஒட்டிய துளி, கேனைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. கேனின் ஓரம் வளையும் இடத்தில் துளிகளும் குறுக வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு அடியில் உள்ள பச்சையை ஏந்த வேண்டும். வேறு படத்திலிருந்து கொண்டுவந்த துளிகளில் இதைச் செய்து முடிப்பது பெரும்பாடு.

தெறிப்பைப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம். ஒட்டி நிற்கும் துளிகளைக் கேனின் மேலேயே எடுத்துவிடுங்கள்: கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தால், விளக்குச் சூட்டிலும் அவை சீக்கிரம் காய்வதில்லை.