ஒரு கையெழுத்துதான், அண்ணே

கடன் மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். மூன்று பக்கங்களில் ஐந்து குறிகள். பக்கத்து மேசைத் தம்பி பேனாவைத் திறந்து கொடுத்துவிட்டு, "சும்மா ஒரு கையெழுத்துதான், அண்ணே" என்றான். ஐந்தையும் முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். ஊழியர் சிக்கன நாணயச் சங்கத்தில் 3 லட்சம் ரூபாய்க் கடன். ஜாமீன் நாங்கள் இரண்டு பேர்: நானும், ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்த மூத்தவர் ஒருவரும்.

இரண்டு வருடத்தில் தம்பி வேலையை விட்டு வெளியூர் போய்விட்டான். சம்பளம் நின்றதும் பிடித்தமும் நின்றது. போன் எடுப்பதும் நின்றது. வட்டியோடு பாக்கி 1,86,000 ரூபாய் என்று சங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

எழுத்தரிடம் இரண்டு கேள்விகளோடு போனேன். முதலில் அவனைப் பிடிக்க வேண்டாமா? இரண்டாவது, ஜாமீன் இரண்டு பேர் என்றால் என் பங்கு பாதிதானே? இரண்டுக்கும் இல்லை என்றார். அவர் சொன்னது சரி என்பது பிறகு படித்துப் பார்த்தபோது தெரிந்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது. தவணை தவறிய நாளில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் அவன் நிற்கவில்லை. பீகாரில் ஒரு வங்கி போட்ட வழக்கில், கடன்காரரிடம் எல்லா வழிகளையும் பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் போகலாம் என்று கீழ்க்கோர்ட் நிபந்தனை போட்டிருந்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. அசல் ஆளைத் துரத்தித் தோற்ற பிறகுதான் என்னிடம் வர வேண்டும் என்றால், ஜாமீன் வாங்கிக் கடன் கொடுத்தவனுக்கு என்ன பயன்? என் பணம் போகாதிருந்தால் இந்த வாதத்தை ரசித்திருப்பேன்.

நான் அன்று கொடுத்ததாக நினைத்தது ஒரு நற்சான்று: பையன் நல்லவன், ஏமாற்ற மாட்டான். சாட்சிக் கையெழுத்துக்கும் ஜாமீன் கையெழுத்துக்கும் என் மனசில் பெரிய வித்தியாசமே இருக்கவில்லை. காகிதத்தில் அவன் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. 'அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்' என்பதுதான் இருந்தது. அதற்குக் கீழே, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் சம்மதித்திருந்தேன். இன்னொரு பென்சில் குறிக்கு மேலே ஒரு நீளமான வாக்கியம்: கடன்காரருக்கு அவகாசம் கொடுத்தாலும் என் பொறுப்பு தொடரும் என்று. என்னைக் கேட்காமல் அவனுக்குக் கூடுதல் காலம் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஜாமீன்தாரர் விடுபடுவார் என்று சட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது. அந்தக் கதவை என் கையாலேயே முன்கூட்டிச் சாத்தியிருக்கிறேன்.

மாதம் 6,200 வீதம் 30 மாதம் பிடித்தார்கள். முழுத்தொகையும் என்னிடம். மூத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், பிடிக்கச் சம்பளமில்லை. சங்கம் கை எட்டிய இடத்தில் எடுத்துக்கொண்டது.

அந்தப் பாதிக் கணக்கு அப்படியானால் பொய்யா? இல்லை, அது சங்கத்துக்கு எதிராகச் செல்லாது, எங்கள் இருவருக்குள் செல்லும். ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகத் தாங்க வேண்டும் என்கிறது 146ஆம் பிரிவு. என் பாகம் 93,000. முதல் 15 மாதம் நான் கட்டியது அந்தப் பாகம்தான். பதினாறாவது மாதப் பிடித்தத்திலிருந்துதான் அவரிடம் கேட்க எனக்கு உரிமை பிறந்தது. தம்பியிடமோ முதல் ரூபாயிலிருந்தே கேட்கலாம், 145ஆம் பிரிவுப்படி. கேட்பதற்குக் காலக்கெடு மூன்று வருடம். அதுவும் நான் கட்டிய தேதியிலிருந்து ஓடும், அவன் கடன் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. இதற்கெல்லாம் வாய்ச்சொல் போதாது. சங்க ரசீதில் கடன் கணக்கு அவன் பெயரில்தான் இருக்கும். அதனால் பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு முப்பதையும் சேர்த்து வைத்தேன். பணம் கட்டியது நான்தான் என்று சங்கத்திடம் எழுதியும் வாங்கினேன்.

மூத்தவர் வீட்டுக்குப் போக இரண்டு மாதம் தயங்கினேன். அவரும் அதே மாதிரி ஐந்து பென்சில் குறிகளில் கையெழுத்துப் போட்டவர்தானே. திண்ணையில் உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நமக்குள்ள பாதின்னா சரிதான் சார், ஆனா மொத்தமா முடியாது" என்றார். பென்ஷன் வரும் தேதிக்கு மறுநாள் 3,000 ரூபாய் அனுப்புகிறார். 31 மாதம் ஆகும். தம்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. அதையும் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்துக் கோத்து வைத்திருக்கிறேன்.