இரண்டு வரிகளுக்கு நடுவே

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு ஒரு புல் ரெக்வெஸ்ட் வந்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண், தான் எழுதிய நிரலைப் பொது நிரலோடு சேர்ப்பதற்கு முன் என்னைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் செயலியில் வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் வாலட் ஒன்று உண்டு. பொருள் வாங்கும்போது அதிலிருந்து பணத்தைக் கழிக்கும் பகுதிதான் அவர் எழுதியது. மொத்தம் நூற்றிருபது வரிகள். அதன் உயிர் இந்த நான்கில் இருந்தது.

```python
wallet = Wallet.objects.get(user=user)
if wallet.balance >= amount:
    wallet.balance = wallet.balance - amount
    wallet.save()
```

வாலட்டை எடு, இருப்பு போதுமா என்று பார், போதுமென்றால் கழி, சேமி. படிக்க அவ்வளவு தெளிவு. அவர் எழுதிய ஏழு டெஸ்ட்டுகளும் பச்சை காட்டின.

ஆனால் முதல் வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில மில்லிநொடிகள்தான். வாலட்டில் 500 ரூபாய் இருக்கும் ஒருவர், கைப்பேசியில் 400 ரூபாய்க்கு ஒன்றும், அதே கணத்தில் மடிக்கணினியில் 400 ரூபாய்க்கு இன்னொன்றும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இரண்டு கோரிக்கைகளும் அருகருகே ஓடுகின்றன. முதலாவது, இருப்பு 500 என்று படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் வந்து 500 என்றே படிக்கிறது. இரண்டுக்கும் போதுமானதாகத் தெரிகிறது. இரண்டும் 400 கழித்து 100 என்று எழுதுகின்றன. 500 ரூபாய் வைத்திருந்தவர் 800 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். கையில் 100 மீதியும் இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எதுவும் நின்றுபோகாது. மாதக் கடைசியில் கணக்கு பார்க்கிறவருக்குத்தான் தொகை இடிக்கும்.

இதைப் பார்த்ததும் நான் எழுதிய முதல் கமெண்ட் இரண்டே வாக்கியம்: இது ரேஸ் கண்டிஷன், `select_for_update` பயன்படுத்தவும். எழுதப் பத்து நொடி ஆகியிருக்கும். சரியான கமெண்ட்தான். அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னதைச் சேர்ப்பார், 'செய்துவிட்டேன்' என்று பதில் போடுவார், நான் அப்ரூவ் கொடுப்பேன். அந்த வரி திருந்திவிடும். அடுத்த மாதம் கூப்பன் எண்ணிக்கையைக் குறைக்கும் நிரலை எழுதும்போது அதே நான்கு வரி வேறு பெயர்களோடு வரும். ஏனென்றால் அவருக்கு நான் கொடுத்தது ஒரு நோயின் பெயரும் ஒரு மருந்தின் பெயரும் மட்டுமே. நோய் எப்படி வருகிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை.

இன்னொரு தயக்கமும் இருந்தது. நாங்கள் இருவரும் பேசுவது தமிழில், கமெண்ட் எழுதுவது ஆங்கிலத்தில். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து 'இது ஏன்மா இப்படி?' என்று கேட்டால் அது வெறும் கேள்வி. அதையே ஆங்கிலத்தில் எழுதினால், குரலும் முகமும் போய், விசாரணைக் கமிஷன் கேட்கும் கேள்வியாக விழுகிறது. 1976-இல் ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் நிரல் சோதனைக்கு முறை வகுத்து எழுதியபோது, அது ஓர் அறைக்குள் சிலர் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை. ஒருவர் நிரலைத் தன் சொற்களில் விளக்கிக்கொண்டு போவார், மற்றவர்கள் பிழை தேடுவார்கள். அங்கே குரல் இருந்தது. இன்று எங்களுக்குக் கிடைப்பது ஒரு வரிக்குக் கீழே திறக்கும் சிறிய பெட்டி. குரல் செய்ய வேண்டிய வேலையையும் அந்தப் பெட்டிக்குள் சொற்களே செய்தாக வேண்டும்.

அதனால் அழித்துவிட்டு வேறு எழுதினேன். அதன் சாரம் இது: 'வரிசை படிக்க நன்றாக இருக்கிறது. இருப்பு 500. ஒரே வாலட்டுக்கு 400 ரூபாய்க் கோரிக்கை இரண்டு, ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டாவது கோரிக்கை `get` செய்யும்போது முதலாவது இன்னும் `save` செய்யவில்லை. அப்போது இரண்டும் எந்தெந்த வரியில் என்னென்ன எண்ணைப் பார்க்கும்? கடைசியில் இருப்பு எவ்வளவு?'

ரேஸ் கண்டிஷன் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்தச் சொல்லைக் கொடுத்தால் அதை இணையத்தில் தேடுவார். எண்ணைக் கொடுத்தால் அந்த வரிகளின் வழியே நடந்து பார்ப்பார்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. சிக்கல் புரிந்தது, சரிசெய்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அந்த நான்கு வரிகளையும் `transaction.atomic()` என்பதற்குள் போட்டிருந்தார்.

இது மிக இயல்பான தவறு. டிரான்ஸாக்‌ஷன் என்ற சொல்லைக் கேட்டதும், அதற்குள் இருப்பதை வேறு யாரும் தொட முடியாது என்று மனம் நம்பிவிடுகிறது. அது உறுதி தருவது வேறொன்றுக்கு: உள்ளே நடப்பவை முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் இயல்பான அமைப்பில், ஒரு டிரான்ஸாக்‌ஷன் ஒரு வரிசையைப் படித்ததற்காக இன்னொன்று அதையே படிப்பதைத் தடுப்பதில்லை. இரண்டும் 500 என்றே படிக்கும். இரண்டும் 100 என்றே எழுதும். இடைவெளி அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வேலி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் ரிவ்யூ செய்கிறவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஒருமுறை நயமாகக் கேட்டாயிற்று, இப்போதாவது விடையைச் சொல்லித் தொலைப்போம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் இப்போது பாதி வழி வந்திருந்தார். எழுதினேன்: '`if` வரிக்கு அடுத்து `time.sleep(2)` போட்டு, உங்கள் கணினியில் ஓடவிடுங்கள். இரண்டு டெர்மினல் திறந்து, இரண்டிலிருந்தும் இரண்டு நொடிக்குள் ஒரே வாலட்டுக்கு 400 ரூபாய்க் கோரிக்கை அனுப்புங்கள்.'

மில்லிநொடி இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை இரண்டு நொடியாக இழுத்துவிட்டால், கையால் நுழைந்து பார்க்கலாம்.

அரைமணி நேரம் கழித்து என் மேசைக்கு அருகே வந்து நின்றார்.

"அண்ணா, ரெண்டுமே போயிடுச்சு. பேலன்ஸ் நூறுன்னு காட்டுது."

"டிரான்ஸாக்‌ஷன் போட்டுமா?"

"போட்டும்தான். என் டெஸ்ட் ஏழும் இதுக்கப்புறமும் பாஸ் ஆகுது, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பயத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஏழு டெஸ்ட்டிலும் ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை வந்து, வாங்கி, போய்விடுகிறார். அவர் போனபின்தான் அடுத்தவர் வருகிறார். நிரலை எழுதியவர் அறையில் தனியாக இருந்தார். அவர் எழுதிய டெஸ்ட்டுகளும் அதே தனிமையில் ஓடின. தான் மட்டுமே இருப்பதாக நினைத்து எழுதியதை, தான் மட்டுமே இருப்பதாக நினைத்துச் சோதித்தால் பச்சை விளக்குதான் எரியும். இதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரியை எழுதும் கை, நடுவே இன்னொருவர் நுழையக்கூடும் என்று தானாக நினைப்பதில்லை. எழுத்தின் வடிவமே அப்படி. வரிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன.

அன்று மாலையே தீர்வு வந்தது. முதலில் `select_for_update()` போட்டிருந்தார்: படிக்கும்போதே வரிசையைப் பூட்டிக்கொள்வது, இரண்டாவது கோரிக்கை காத்திருப்பது. அது சரியாகவே வேலை செய்யும். பிறகு அவரே அதைவிட எளிதாக ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினார்.

```python
updated = Wallet.objects.filter(
    user=user, balance__gte=amount
).update(balance=F("balance") - amount)
if updated == 0:
    raise InsufficientBalance()
```

பார்ப்பதும் கழிப்பதும் இங்கே ஒரே கட்டளை. இரண்டு கோரிக்கைகளும் ஒன்றாக வந்தால், டேட்டாபேஸ் முதலாவதை எழுதவிட்டு மற்றதைக் காக்கவைக்கிறது. முதலாவது முடிந்ததும், புதிய இருப்பான 100-ஐ வைத்து நிபந்தனையை மறுபடி பார்க்கிறது. 100, 400-ஐவிடக் குறைவு. எனவே மாறிய வரிசைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று திருப்பிச் சொல்கிறது. நடுவே நுழைய இடமே இல்லை.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. மாறிகளின் பெயர்கள் இரண்டு எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். வாங்கும் பொத்தானை ஒருவர் பதற்றத்தில் இருமுறை அழுத்தி, வாலட்டில் 800-க்கு மேல் இருந்தால், இரண்டு கழிவும் முறையாகவே நடக்கும். அது வேறு சிக்கல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வேண்டும். அதைத் தனி வேலையாகப் பதிந்து வைத்தேன். பதினான்கு கமெண்ட் போட்டிருந்தால் இந்த ஒன்று பதினான்கில் ஒன்றாகப் போயிருக்கும்.

நான் அப்ரூவ் கொடுக்கும் முன் அவர் அந்த இழையில் கடைசியாக ஒரு கேள்வி போட்டார். ரீஃபண்ட் பகுதியிலும் இதே 'எடு, பார், மாற்று, சேமி' அமைப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நான் எழுதினேன், அங்கே மட்டும் ஏன் சரி?

சரியில்லை. அங்கேயும் இரண்டு கோரிக்கை சேர்ந்து வந்தால் ஒரே ரீஃபண்ட் இருமுறை போகும். அந்த நிரல் எப்போது சேர்ந்தது என்று தேடிப் போனேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய புல் ரெக்வெஸ்ட், இருநூற்றுப் பத்து வரிகள். கீழே ஒரே ஒரு கமெண்ட், வந்து சேர்ந்த ஆறாவது நிமிடத்தில் போட்டது: `LGTM`. எனக்கு நன்றாகத் தெரிகிறது, சேர்க்கலாம் என்று பொருள். போட்டவன் நான்.

அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எழுதியவர் தனியாக இருந்தார். அவருக்கும் நிரலுக்கும் நடுவே வர வேண்டிய இரண்டாவது ஆள் நான். வந்தேன், வரிகளை அவர் எழுதிய அதே வரிசையில், அவர் கண்ணாலேயே படித்தேன், போய்விட்டேன். நான் வந்தும் அங்கே ஒருவர்தான் இருந்தார். ஜெரால்டு வெயின்பெர்க் 1971-லேயே, நிரலைத் தன்னுடைய உடைமையாகப் பார்க்கும் மனம் அதன் பிழையைப் பார்க்காது என்று எழுதினார். எழுதியவரைப் பற்றிய அந்தப் பேச்சை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். படிக்கிறவனும் எழுதியவரின் கண்ணுக்குள் இப்படிக் கரைந்துபோக முடியும் என்று அந்த ஆறு நிமிடம்தான் எனக்குக் காட்டியது.

ரிவ்யூ என்றால் மேலிருந்து சரிபார்ப்பது என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நான்கு வரிகளில் குறைவாக இருந்தது இரண்டாவது கோரிக்கை. அதை அனுப்ப வேண்டியதுதான் என் வேலையாக இருந்தது.

ரீஃபண்ட் பகுதியை அவரே திருத்தினார். வரி மாறிவிட்டதால், வாலட் புல் ரெக்வெஸ்ட்டில் எங்கள் உரையாடலின் மேல் `Outdated` என்று ஒட்டி, திரை அதை மடக்கி வைத்துவிட்டது. அது எந்த வரியைப் பற்றிப் பேசியதோ அந்த வரி இப்போது இல்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், இருப்பைப் பார்க்க ஓர் `if` போதாதா, இது ஏன் இவ்வளவு சுற்றி எழுதியிருக்கிறது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் மடங்கிக் கிடந்த அந்த இழையைத் திறந்து காட்டவில்லை.

"ரெண்டு டெர்மினல் திற," என்றார். "நடுவுல ஒரு `sleep` போடு."