பிரார்த்தனையும் மருந்தும்

நோயுற்ற ஒருவருக்காகப் பிரார்த்தித்துக்கொண்டே அவருக்கு மாத்திரையும் கொடுத்து வந்தால், அது எம்பெருமானிடத்து நம்பிக்கைக் குறைவாகாதோ என்னும் ஐயம் குடும்பத்தார் பலருக்கு எழுகின்றது. மனநோய் விஷயத்தில் இவ்வையம் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடும்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதிக்கு மனம் கலங்கியோரை அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், அங்கே தங்கி, தீர்த்தம் முகத்தில் தெளிக்கப்பெற்று, பெருமாளைச் சேவித்து வருவர். தெளிவு பிறக்கும் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு.

இத்தகைய விரதம் தொடங்குகையில் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். பிழை நேர்வது இங்கேதான். கடுமையான மனநோய்க்குரிய மாத்திரைகள் சிலருக்குத் தூக்கக் கலக்கத்தையும் கை நடுக்கத்தையும் உண்டாக்கும். நிறுத்தியதும் அவை நீங்க, நோயாளி முன்னினும் சுறுசுறுப்பாகத் தோன்றுவார். குடும்பத்தார் அதனை அருள் என்று கொள்வர். நோயோ உடனே திரும்புவதில்லை. பல வாரங்கள், சில மாதங்கள்கூடக் கழித்தே தலைகாட்டும். உறக்கம் குறைதல், தனக்குள் பேசுதல், உற்றாரைச் சந்தேகித்தல் ஆகியன அதன் முன்னறிகுறிகள். அப்போது "விரதத்தில் ஏதோ குறை" என்பார்களேயன்றி, மருந்து நின்றதை நினைப்பாரில்லை.

ஆயின் ஆலய வாசத்தால் பயனே இல்லையோ? அப்படியும் சொல்வதற்கில்லை. தமிழகத்துக் கோயிலொன்றில் சராசரி ஐந்தாறு வாரங்கள் மருந்தின்றித் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். நோயின் கடுமையைக் குறிக்கும் சராசரி எண் 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது. அச்சுறுத்தாத சூழலும் அன்பான ஆதரவுமே காரணமாகலாம் என்றனர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த தணிவு அது. நோய் அறவே நீங்கியதன்று. ஒப்பிட்டு நோக்க, கோயிலுக்குச் செல்லாத வேறொரு குழுவும் அவ்வாய்வில் இல்லை.

ஆதரவு அற்றுப்போன இடத்தின் கதியை ஏர்வாடி காட்டிற்று. தர்காவை நாடி வந்தோர் தங்கியிருந்த தனியார் விடுதியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுத்துள்ளது.

ஆலயத்துக்கு மருத்துவம் புதிதன்று. மேல்சித்தாமூரில் மடம் கொண்டுள்ள சமணர்களும் நால்வகைத் தானங்களுள் மருந்தை ஒன்றாக வைத்தனர். நம் பெருமாள் கோயில்களில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஓர் ஆதுலசாலையைப் பேசுகின்றது. நோயாளருக்குப் பதினைந்து படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணரவும் பணிவிடை செய்யவும் ஆட்கள். அனைவருக்கும் படி அளந்தது வேங்கடேசப் பெருமாள் கோயிலின் அறக்கட்டளையே. பெருமாளுக்குத் திருவாராதனத்துக்கும் மருத்துவருக்கு நெல்லுக்கும் ஒரே கல்லில் எழுதி வைத்தவர்கள், இரண்டுக்கும் இடையே பகை கண்டதாகத் தெரியவில்லை.