அன்பளிப்பைத் திருப்பும் போது

அன்பளிப்பை ஏற்பது ஸுன்னத். எனினும் திருப்பிவிட வேண்டிய அன்பளிப்பும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமுடன் பயணம் போகையில், ஸஃபு இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் ஒரு காட்டுக் கழுதையைக் கொண்டு வந்தார்கள். நபியவர்கள் ஏற்கவில்லை. கொடுத்தவரின் முகம் வாடியதைக் கண்டதும், நாம் இஹ்ராமில் இருப்பதால்தான் திருப்பினோமே தவிர வேறில்லை என்று உடனே காரணத்தைச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது. மறுப்பின் காரணம் கொடுத்தவரிடம் இல்லை, ஏற்பவரின் நிலையில் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் தோலைத் தரம் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தரமா, இரண்டாம் தரமா என்று அவர் சொல்வதைப் பொறுத்தே விலை. தோல் வியாபாரி பெருநாளைக்கு ஒரு பவுன் நாணயம் கொண்டு வந்து தருகிறார். மனிதர் நல்லவர், கெட்ட எண்ணமும் இல்லாதிருக்கலாம். ஆனால் நாளை ஓட்டை விழுந்த தோல் வரும்போது தரம் பிரிப்பவரின் நாக்கு எழுமா?

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா அவர்கள், இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். நம்மவருக்கும் அதே உரைகல்தான். அந்த வேலைக்கு வருமுன்பே அவருடன் கொடுக்கல் வாங்கல் பழக்கம் இருந்து, இப்போதும் அதே அளவில், தீர்க்க வேண்டிய விவகாரம் எதுவும் நிலுவையில் இல்லாத நேரத்தில் வந்தால் விஷயம் வேறு. காழிகளுக்கு வரும் அன்பளிப்பு பற்றி நம் புகஹாக்கள் இப்படித்தான் பிரித்துப் பேசுகிறார்கள்.

ஆகவே அவர் திருப்பத்தான் வேண்டும். பையன் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. நாலு பேர் முன்னிலையிலும் கூடாது. அன்றே, தனியே, தம் கையால் கொடுக்கட்டும். “பாய், நீங்க என்னை நினைச்சதே பெரிசு, அல்லாஹ் உங்க ரிஜ்கில பரக்கத் செய்யட்டும். உங்க தோலைத் தரம் பார்க்கிற இடத்தில நான் இருக்கேன், அதனால யாரிடமும் வாங்கறதில்லை. தப்பா எடுத்துக்காதீங்க” என்றால் போதும். “யாரிடமும்” என்ற சொல்தான் மனத்தாங்கலைத் தடுப்பது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வீட்டில் கோபிப்பார்கள் என்று பொய்ச் சாக்குச் சொன்னால், அடுத்த முறை பார்சல் நேரே வீட்டுக்கே போகும்!

“வாங்கி ஏழைக்குக் கொடுத்துவிடலாமே?” என்பார் சிலர். ஏழைக்குப் போனது வியாபாரிக்குத் தெரியாது. வாங்கினார் என்பது மட்டும் தெரியும். அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டால், தொழிற்சாலை முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, அவருக்குத் தெரியவே திருப்பி அனுப்பி, வியாபாரியிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும். பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, ஒரு குவளை சேமியாப் பாயசம் குடித்து வருவதில் தடையேதும் இல்லை.